கேஸ் நோட்டைப் பிரித்து டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது: யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது

கேள்வி: பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கேஸ் ஷீட்டில் ஐந்து நாள் நோட்ஸ் எல்லாம் கலந்து கிடக்கிறது. அதை வரலாறு, பரிசோதனை, ஆய்வு முடிவுகள், மதிப்பீடு, திட்டம் என்று பிரித்து டிஸ்சார்ஜ் சம்மரி எழுதச் சொல்கிறார்கள். எந்த வாக்கியம் எங்கே போக வேண்டும் என்பதில் தினமும் தடுமாறுகிறேன். எப்படிப் பிரிப்பது?

பதில்:

நோட்டில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது எப்படித் தெரிய வந்தது? எந்த நாளில் தெரிய வந்தது?

முதல் கேள்விக்கான விடையே அந்த வாக்கியத்தின் இடத்தைச் சொல்லிவிடும். நோயாளியோ வீட்டாரோ சொன்னது, பழைய மருந்துச் சீட்டில் இருந்தது என்றால் வரலாறு. மருத்துவர் படுக்கை அருகே நின்று பார்த்தது, தொட்டது, கேட்டது, அளந்தது என்றால் பரிசோதனை. லேப், ஸ்கேன், கல்ச்சர் தந்தது ஆய்வு முடிவு. இவற்றையெல்லாம் சேர்த்து நீங்கள் வந்து சேர்ந்த கருத்து மதிப்பீடு. இனி நடக்க வேண்டியது திட்டம். இரண்டாவது கேள்வி எதற்கு என்பது போகப் போகத் தெரியும்.

வார்டு நோட் கலந்து கிடப்பது யாருடைய தவறும் இல்லை. அது நாள் வரிசையில் எழுதப்படுகிறது. அந்தந்த நேரத்தில் தெரிந்தது அந்தந்த நேரத்தில் பதிவாகிறது. தினசரி நோட்டையே பிரச்சினை வாரியாக, நோயாளி சொன்னது, கண்டது, கருத்து, திட்டம் என்று பிரித்து எழுதும் முறையை லாரன்ஸ் வீட் 1968இல் விரிவாக முன்வைத்தார். அப்படி எழுதப்பட்ட நோட் கிடைத்தால்கூட ஐந்து நாளுக்கும் ஐந்து துண்டு இருக்கும். அவற்றை ஒன்றாகக் கோர்க்கும் வேலை உங்களுடையதுதான்.

விதியாகச் சொல்வதைவிட ஒரு கேஸை வைத்துப் பார்ப்பது எளிது. பாடத்துக்காக நான் அமைத்த கேஸ் இது. நோட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

> 3ஆம் தேதி இரவு: 64 வயதுப் பெண், சர்க்கரை, பிரஷர் உண்டு. 5 நாளாகக் குளிர்காய்ச்சல், யூரோசெப்சிஸ். அலர்ஜி இல்லை. பல்ஸ் 112, பிபி 96/60, மூச்சு 22, வெப்பம் 39.1. சிறுநீர் எரிச்சல், 2 நாளாக வாந்தி. இடது சிறுநீரகக் கோணத்தில் அழுத்தினால் வலி. கிரியாட்டினின் 2.4, பொட்டாசியம் 5.4, சர்க்கரை 312. மெட்ஃபார்மின் 1 கிராம் இரு வேளை, எனாலாப்ரில் 5 மி.கி. இரு வேளை சாப்பிடுகிறார், இரண்டும் நிறுத்தம். கல்ச்சர் எடுத்தாயிற்று. செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், சலைன்.
>
> 4ஆம் தேதி: வெப்பம் 38.4, பிபி 110/70. ஸ்கேன்: இடது சிறுநீரகம் சற்றுப் பெரிதாக உள்ளது, அடைப்பு இல்லை, சிறுநீரகக் கல் இல்லை, பித்தப்பையில் 8 மி.மீ. கல். மகள் சொல்கிறார்: முதுகுவலிக்கு 3 நாள் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிட்டார். பழைய சீட்டில் 3 மாதம் முன்பு கிரியாட்டினின் 1.0. இன்று 2.2.
>
> 6ஆம் தேதி: காய்ச்சல் இல்லை. சிறுநீர் கல்ச்சரில் ஈ.கோலை, செஃப்ட்ரியாக்சோன், செஃபுராக்சைம் இரண்டுக்கும் கட்டுப்படும், சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாது. ரத்தக் கல்ச்சர் 48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை. கிரியாட்டினின் 1.6. இரவு கிளார்ஜின் 10 யூனிட் நடக்கிறது.
>
> 7ஆம் தேதி: நன்றாக இருக்கிறார். பிபி 128/78. கிரியாட்டினின் 1.3, பொட்டாசியம் 4.4. வீட்டுக்குப் போகலாம். பழைய மருந்துகள் தொடரவும்.

முதலில் ஒரு பேனாவை எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் வ, ப, ஆ, ம, தி என்று குறித்துக்கொண்டே போங்கள். எதையும் இன்னும் நகர்த்த வேண்டாம். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு எழுத்து போட வேண்டி வந்தால், அதை உடைக்க வேண்டும் என்று அர்த்தம்.

இரண்டாவது வாக்கியத்திலேயே அது வந்துவிடுகிறது. "5 நாளாகக் குளிர்காய்ச்சல், யூரோசெப்சிஸ்." காய்ச்சலை அந்த அம்மா சொன்னார். யூரோசெப்சிஸ் என்று அவர் சொல்லவில்லை. அது முதல் நாள் இரவு டியூட்டி மருத்துவருடைய எண்ணம், மதிப்பீட்டுக்குப் போக வேண்டியது. வரலாற்றுக்குள் ஒரு நோயின் பெயர் புகுந்துவிட்டால், அடுத்துப் படிப்பவர் அது முன்பே உறுதியான நோய் என்று எடுத்துக்கொள்வார். மருந்து வரியும் அப்படித்தான். "சாப்பிடுகிறார்" என்பது வரை வரலாறு. "நிறுத்தம்" என்பது எடுத்த முடிவு.

இப்போது 4ஆம் தேதி மகள் சொன்ன டைக்ளோஃபெனாக். அட்மிஷன் நோட்டை மட்டும் பார்த்து வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். நாள் வரிசைப்படி பார்த்தால் இது இரண்டாம் நாள் செய்தி. ஆனால் நடந்தது ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பு. வரலாறு எப்போது நடந்ததோ அந்த வரிசையில் இருக்க வேண்டும், நமக்கு எப்போது தெரிந்ததோ அந்த வரிசையில் அல்ல. எனவே அதை மேலே கொண்டுபோய், மகள் சொன்னது என்ற குறிப்போடு வையுங்கள். அப்படி வைத்ததும் என்ன தெரிகிறது பாருங்கள்: காய்ச்சல், முதுகுவலி, வலிக்கு டைக்ளோஃபெனாக், கூடவே வழக்கமான எனாலாப்ரில், அப்புறம் வாந்தி. சிறுநீரகம் ஏன் அடிவாங்கியது என்பது வரிசையிலேயே தெரிந்துவிடுகிறது. சிதறிக் கிடந்தபோது இது தெரியவில்லை. அந்த முதுகுவலியே சிறுநீரகத் தொற்றின் வலியாக இருந்திருக்கலாம் என்பதும் இப்போதுதான் மனதில் படும். ஆனால் அந்த எண்ணத்தை வரலாற்றில் எழுதாதீர்கள்.

"அலர்ஜி இல்லை" என்பதைக் கொஞ்சம் மாற்றி, "தெரிந்த மருந்து ஒவ்வாமை இல்லை" என்று எழுதுங்கள். அது அவர் சொன்னது. நாம் சோதித்துக் கண்டது அல்ல.

பரிசோதனைக்கு வருவோம். வெப்பம் 39.1 இங்கே, காய்ச்சல் அடிக்கிறது என்று சொன்னது வரலாற்றில். இரண்டும் ஒன்றையே சொல்வதுபோல் தோன்றினாலும் இரண்டும் வேண்டும். சம்மரியில் பரிசோதனைக்கு இரண்டு நாள் போதும்: வந்த நாள், போகும் நாள். இடையில் உள்ள தினசரி பிபி, பல்ஸ் எல்லாம் படிப்பவருக்கு உதவாது. இடையில் ஏதாவது பெரிதாக நடந்திருந்தால், அதை மதிப்பீட்டில் அந்தப் பிரச்சினைக்குக் கீழே சொல்லிக்கொள்ளலாம்.

போகும் நாளில் இந்த நோட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. "நன்றாக இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறது. அது பரிசோதனை இல்லை. சிறுநீரகக் கோணத்தில் வலி இன்னும் இருக்கிறதா, வெப்பம் எவ்வளவு, எதுவும் இல்லை. இந்த இடத்தில் பலருடைய கை தானாகவே "வயிறு மென்மையாக உள்ளது, வலி இல்லை, நெஞ்சு தெளிவு" என்று எழுதிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நோயாளி இன்னும் வார்டில்தான் இருக்கிறார். எழுந்து போய்த் தொட்டுப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். அவர் கிளம்பிவிட்டார் என்றால் "பதிவு இல்லை" என்று விடுங்கள். வரிசை மாற்றுவது உங்கள் வேலை, இல்லாததைச் சேர்ப்பது அல்ல. வலி மறுபடி வந்து அவர் வேறொரு மருத்துவரிடம் போனால், 7ஆம் தேதி அந்த இடத்தில் வலி இல்லை என்ற உங்கள் வரியை நம்பித்தான் அவர் முடிவெடுப்பார்.

ஆய்வு முடிவுகளில் பெரிய குழப்பம் வராது. எண்ணை எண்ணாகவே எழுதுங்கள். கிரியாட்டினின் 2.4 இங்கே, சிறுநீரகப் பாதிப்பு என்பது அடுத்த தலைப்பில். இரண்டாவது கேள்வி, அதாவது எந்த நாள் என்பது, இங்கேதான் மிகவும் முக்கியம். வெறுமனே 2.4 என்று போட்டால் அது உச்சமா, கடைசியா, வழக்கமானதா என்று தெரியாது. பழைய 1.0இலிருந்து தொடங்கி 1.3 வரை ஒரே வரியில் தேதியோடு எழுதுங்கள். பழைய சீட்டிலிருந்து வந்த எண் வரலாறுதானே என்று நீங்கள் கேட்கலாம். கறாராகப் பார்த்தால் ஆமாம். ஆனால் அந்த எண்ணுக்கு மற்ற எண்களின் பக்கத்தில் இருக்கும்போதுதான் பயன், அதனால் நான் இங்கேயே வைப்பேன்.

"இல்லை" என்று வந்த முடிவுகளையும் விடக்கூடாது. அடைப்பு இல்லை என்ற ஸ்கேன் வரி, மருந்து மட்டும் போதும் என்ற முடிவைத் தாங்கி நிற்கிறது. அடைப்போடு கூடிய தொற்று என்றால் சிகிச்சையே வேறு.

இன்னும் வராத முடிவு ஒன்று இருக்கிறது. ரத்தக் கல்ச்சரில் 48 மணி நேரத்து முடிவு மட்டும் வந்திருக்கிறது; வழக்கமாக 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். 3ஆம் தேதி இரவு எடுத்தது 8ஆம் தேதிதான் முடியும், அவர் போவது 7ஆம் தேதி. எனவே "வளர்ச்சி இல்லை" என்று மொட்டையாக எழுதினால் தவறு. "48 மணி நேரம் வரை வளர்ச்சி இல்லை, இறுதி முடிவு வரவில்லை" என்று எழுதி, அதை யார் பார்ப்பது என்பதைத் திட்டத்தில் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகவும் வேண்டும். இங்கே நோட்டிலிருந்து அப்படியே எடுத்துவைக்க ஒன்றும் இல்லை. முதல் நாள் சந்தேகம், இரண்டாம் நாள் சந்தேகம் என்று வரிசையாக அடுக்காதீர்கள். போகும் நாளில் உங்கள் யூனிட் என்ன நம்புகிறதோ அதைப் பிரச்சினை வாரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம், ஆஸ்பத்திரியில் என்ன செய்தோம், இப்போது எந்த நிலை என்று இரண்டு மூன்று வரி போதும். ஐந்து தலைப்புகளில் சிகிச்சை விவரத்துக்குத் தனி இடம் இல்லாததால், அது இங்கே ஒவ்வொரு பிரச்சினைக்கும் கீழே வந்துவிடும்.

யூரோசெப்சிஸ் என்ற சொல்லை அப்படியே விடாதீர்கள். சிலர் வெறும் சிறுநீர்த் தொற்றுக்கே அப்படி எழுதுகிறார்கள். சிலர் உறுப்புப் பாதிப்போடு கூடிய செப்சிஸைச் சொல்கிறார்கள். எது என்று மூத்தவரிடம் கேட்டு, அதை முழுதாக எழுதுங்கள். இந்த அம்மாவுக்குப் பிபி 96/60, மூச்சு 22, கிரியாட்டினின் 2.4 எல்லாம் சேர்ந்திருப்பதால் செப்சிஸ் என்று எழுத ஆதாரம் இருக்கிறது. கிரியாட்டினின் 1.0இலிருந்து 2.4, அதாவது 2.4 மடங்கு. கேடிகோ அளவுகோலில் 2 முதல் 2.9 மடங்கு வரை இரண்டாம் நிலை. ஆனால் அந்த உயர்வுக்குத் தொற்று மட்டும் காரணம் என்று எழுத முடியாது. வாந்தியால் நீர் வற்றியது, டைக்ளோஃபெனாக், எனாலாப்ரில் எல்லாம் சேர்ந்தே வேலை செய்திருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாதபோது, பிரிக்க முடியாதபடியே எழுதுவதுதான் நேர்மை. இன்னொன்று: 1.3 என்பது 1.0 இல்லை. "சரியாகிவிட்டது" என்று எழுதாதீர்கள், "சரியாகி வருகிறது".

இனி திட்டம். நோட்டின் கடைசி வரியைத் திரும்பப் பாருங்கள்: "பழைய மருந்துகள் தொடரவும்." அவசரத்தில் இதை அப்படியே எடுத்து எழுதினால், முதல் நாள் நாமே நிறுத்திய மெட்ஃபார்மினும் எனாலாப்ரிலும் நாளைக் காலையே திரும்பத் தொடங்கிவிடும். நான் பயிற்சியில் இருந்தபோது இதே வரியை நானே எழுதியிருக்கிறேன். வயிற்றுப்போக்கால் கிரியாட்டினின் ஏறி, குறைந்து, வீட்டுக்குப் போன ஒருவர். நிறுத்திய பிரஷர் மாத்திரையைப் பற்றி ஒரு சொல்கூட நான் எழுதவில்லை. பத்து நாள் கழித்து, முன்பைவிட அதிகக் கிரியாட்டினினோடு திரும்ப வந்தார். அவருடைய மகன் என் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் தொடரச் சொல்லித்தானே இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். அன்றிலிருந்து மருந்துகளை மூன்று கூட்டமாகத்தான் எழுதுகிறேன்: புதிதாகத் தொடங்கியவை, நிறுத்தி வைத்தவை, மாற்றமில்லாமல் தொடர்பவை. ஒரு கூட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றால் "எதுவும் இல்லை" என்று எழுதுகிறேன். நிறுத்தியதற்குக் காரணமும், மறுபடி எப்போது, எதைப் பார்த்துத் தொடங்குவது என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும்.

இதைச் சரி செய்ய நோட்டை மாற்றி எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஒரே கேஸ் ஷீட்டில் "நிறுத்தம்" என்றும் "தொடரவும்" என்றும் இரண்டு இருந்தால், மூத்த மருத்துவரிடம் காட்டி எது என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள். இடது, வலது முரண்படும்போதும் இதேதான்.

எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு சரிபார்ப்பு. இயல்புக்கு மாறான ஒவ்வொரு ஆய்வு முடிவிலிருந்தும் மதிப்பீட்டுக்கு ஒரு கோடு, அங்கிருந்து திட்டத்துக்கு ஒரு கோடு மனதுக்குள் இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது கோடு அறுந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. இந்தக் கேஸில் அறுவது பித்தப்பைக் கல். ஸ்கேனில் 4ஆம் தேதி வந்தது. அதன் பிறகு யாரும் அதைப் பேசவே இல்லை. இப்போதைக்குத் தொந்தரவு இல்லை, சிகிச்சை வேண்டாம் என்பதுகூட ஒரு முடிவுதான், எழுதினால்தான் முடிவு. பின்னோக்கியும் இழுத்துப் பாருங்கள். திட்டத்தில் உள்ள இன்சுலினுக்கு மதிப்பீட்டில் காரணம் இருக்கிறதா, அந்தக் காரணத்துக்கு மேலே எண் இருக்கிறதா?

இப்படிப் பார்த்து முடித்தால் சம்மரி ஏறத்தாழ இப்படி வரும். கடைசி நாள் பரிசோதனையை நேரில் பார்த்து, மருந்து முடிவுகளை மூத்தவரிடம் கேட்டு நிரப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

> வரலாறு: 64 வயதுப் பெண். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம். 5 நாளாகக் குளிர்காய்ச்சல், சிறுநீர் எரிச்சல். வருவதற்கு முன் முதுகுவலிக்காக 3 நாள் டைக்ளோஃபெனாக் (மகள் 4ஆம் தேதி சொன்னது). 2 நாளாக வாந்தி. வழக்கமான மருந்து: மெட்ஃபார்மின் 1 கிராம் இரு வேளை, எனாலாப்ரில் 5 மி.கி. இரு வேளை. தெரிந்த மருந்து ஒவ்வாமை இல்லை.
>
> பரிசோதனை: 3ஆம் தேதி: வெப்பம் 39.1 டிகிரி செல்சியஸ், பல்ஸ் 112, பிபி 96/60, மூச்சு 22. இடது சிறுநீரகக் கோணத்தில் அழுத்தினால் வலி. 7ஆம் தேதி: வெப்பம் 36.9, பல்ஸ் 80, பிபி 128/78 (எனாலாப்ரில் இல்லாமல்). சிறுநீரகக் கோணத்தில் வலி இல்லை.
>
> ஆய்வு முடிவுகள்: கிரியாட்டினின் (மி.கி./டெ.லி.): 3 மாதம் முன்பு 1.0, 3ஆம் தேதி 2.4, 4ஆம் தேதி 2.2, 6ஆம் தேதி 1.6, 7ஆம் தேதி 1.3. பொட்டாசியம் 3ஆம் தேதி 5.4, 7ஆம் தேதி 4.4. வந்தபோது சர்க்கரை 312. ஸ்கேன் (4ஆம் தேதி): இடது சிறுநீரகம் சற்றுப் பெரிது, அடைப்பு இல்லை, சிறுநீரகக் கல் இல்லை, பித்தப்பையில் 8 மி.மீ. கல். சிறுநீர் கல்ச்சர்: ஈ.கோலை, செஃப்ட்ரியாக்சோன், செஃபுராக்சைமுக்குக் கட்டுப்படும், சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாது. ரத்தக் கல்ச்சர்: 48 மணி நேரம் வரை வளர்ச்சி இல்லை, இறுதி முடிவு வரவில்லை.
>
> மதிப்பீடு: 1. இடது சிறுநீரகத் தொற்று, ஈ.கோலை, செப்சிஸுடன். 3 முதல் 7ஆம் தேதி வரை செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம். காய்ச்சல் நின்றது, பிபி சீரானது. 2. திடீர் சிறுநீரகப் பாதிப்பு, கேடிகோ இரண்டாம் நிலை. தொற்று, நீரிழப்பு, டைக்ளோஃபெனாக், எனாலாப்ரில் சேர்ந்து காரணமாக இருக்கலாம். சலைன் கொடுத்து, மருந்துகளை நிறுத்தியதில் சரியாகி வருகிறது. பழைய அளவை இன்னும் எட்டவில்லை. 3. சர்க்கரை நோய்: மெட்ஃபார்மின் நிறுத்தப்பட்டதால் இன்சுலின். 4. உயர் ரத்த அழுத்தம்: இப்போது மருந்தின்றிச் சீராக உள்ளது. 5. பித்தப்பைக் கல்: தற்செயலாகத் தெரிந்தது, தொந்தரவு இல்லை.
>
> திட்டம்: புதியவை: செஃபுராக்சைம் 500 மி.கி. இரு வேளை, 8 முதல் 12ஆம் தேதி வரை (மொத்தம் 10 நாள் சிகிச்சை). கிளார்ஜின் இன்சுலின் இரவு 10 யூனிட், ஊசி போடும் முறையும் தாழ்சர்க்கரை அறிகுறிகளும் நோயாளிக்கும் மகளுக்கும் விளக்கப்பட்டன. நிறுத்தி வைத்தவை: மெட்ஃபார்மின், எனாலாப்ரில், சிறுநீரகம் முழுதும் தேறாததால். 14ஆம் தேதி கிரியாட்டினின், பொட்டாசியம், பிபி பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே தொடங்கவும். மாற்றமில்லாமல் தொடர்பவை: எதுவும் இல்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தவிர்க்கவும். ரத்தக் கல்ச்சர் இறுதி முடிவை 8ஆம் தேதி எங்கள் யூனிட் பார்த்து, வளர்ச்சி இருந்தால் போனில் அழைக்கும். பித்தப்பைக் கல்லுக்கு இப்போது சிகிச்சை வேண்டாம். மேல்வயிற்று வலியோ மஞ்சள் காமாலையோ வந்தால் வரவும். காய்ச்சல், வாந்தி, சிறுநீர் குறைதல் இருந்தால் 14ஆம் தேதி வரை காத்திருக்காமல் உடனே வரவும்.

நோட்டில் கலந்து கிடந்த எதுவும் இதில் விடுபடவில்லை. நடு நாள் வெப்பமும் பிபியும் மட்டும்தான் போயின. எழுதும்போது வரலாற்றிலிருந்து தொடங்காமல் ஆய்வு முடிவுகளிலிருந்து தொடங்கிப் பாருங்கள். எண்களைத் தேதியோடு முதலில் வரிசைப்படுத்திவிட்டால், மதிப்பீட்டில் என்னென்ன பிரச்சினைகள் வர வேண்டும் என்பது தெரிந்துவிடும், அதன் பிறகு வரலாற்றில் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரியும். எனக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வரிகள் அகப்படுவது பெரும்பாலும் அப்படித் தேடும்போதுதான்.